கடைக்காரருக்கு ஒரு பக்கம்

இவ்வாண்டு நம் பள்ளியில் பதினோராம் வகுப்பில் பயிலும் நீளம் தாண்டும் வீராங்கனை ஒருத்திக்காக, நம் ஊர்க் கடைகள் ஏழிற்கு ஓர் அறிமுகக் குறிப்பு எழுதி அனுப்பினோம். விளையாட்டுக் குழுவினராகிய நாங்கள் அதை எவ்வாறு எழுதினோம் என்பதை இங்கே கூற விரும்புகிறோம். வருங்காலத்தில் தங்கைமார் எவரேனும் இவ்வேலையில் இறங்கும்போது இது பயன்படலாம்.

பொதுவாக இத்தகைய கடிதங்கள், "ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கடுமையாக உழைத்து, பல பரிசுகளைக் குவித்துவரும் இம்மாணவிக்குத் தங்களால் இயன்ற உதவி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று அமையும். கடைக்காரரின் மேசையில் திருவிழா நன்கொடைப் புத்தகம் ஒன்று ஏற்கெனவே இருக்கும். இதையும் அவர் அதோடு சேர்த்து, நூறு ரூபாய் தந்து அனுப்பிவிடுவார். அதில் தவறொன்றும் இல்லை. நாம் கேட்டது நன்கொடை, அவர் தந்ததும் நன்கொடை. ஆனால் அதே கடைக்காரர் சுவர் விளம்பரத்துக்கும் நாட்காட்டிக்கும் ஆண்டுதோறும் வேறு கணக்கில் பணம் ஒதுக்குகிறார். அந்தக் கணக்கிலிருந்து ஒரு பங்கு வேண்டுமானால், "இவள் யார், என்ன செய்திருக்கிறாள், இவளுடன் என் கடைப் பெயர் சேர்ந்தால் யார் பார்ப்பார்கள்?" என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அந்த ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலாவது, போட்டி முடிவுகள். "ஆறாம் இடம்" என்று மட்டும் எழுதினால் தோற்றுப்போனது போலத் தோன்றும். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி. டி. உஷா நான்காம் இடம் பெற்றார் என்பதைவிட, அவர் 55.42 வினாடியில் ஓடி, ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கில் பதக்கத்தை இழந்தார் என்பது எவ்வளவோ சொல்கிறது! ஆகவே, இடத்தோடு அளவையும் எழுதினோம். 2024இல் வருவாய் மாவட்டப் போட்டியில் 4.71 மீட்டர், மூன்றாம் இடம். 2025இல் அதே போட்டியில் 5.18 மீட்டர், முதலிடம். மாநிலப் போட்டியில் 5.09 மீட்டர், ஆறாம் இடம். மூன்று வரிகள் போதும். நான்காம் வகுப்பில் வாங்கிய தவளை ஓட்டப் பரிசை எழுத வேண்டாம். அது வீட்டாருக்கு மட்டுமே இனிக்கும்.

5.18 மீட்டர் என்றால் மளிகைக் கடை அண்ணாச்சிக்கு என்ன தெரியும்? எனவே அடுத்த வரியில், "இரண்டு ஆட்டோக்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறத்தாழ அவ்வளவு நீளம்" என்று சேர்த்தோம். எங்கள் குறிப்பில் பலரும் நினைவில் வைத்திருந்தது இவ்வரியைத்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பயிற்சி நோட்டில் 5.37 என்றும் ஓர் அளவு இருந்தது; அதைச் சேர்க்கவில்லை. போட்டியில் தாண்டு பலகையின் முன் விளிம்பிலிருந்து, மணலில் உடல் பதித்த மிக அருகிலுள்ள தடம் வரையில் அளப்பார்கள். பலகைக்கு ஒரு சாண் முன்பே கால் ஊன்றி எழும்பியிருந்தால் அந்த ஒரு சாண் வீண்தான். பயிற்சியிலோ, கால் எழும்பிய இடத்திலிருந்தே அளப்பதுண்டு. காற்றும் ஒரு காரணம்: பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால், அத்தாண்டல் போட்டியில் செல்லும், சாதனைப் பட்டியலில் ஏறாது. காற்றுமானி வைக்கப்படாத மைதானத்தில் தாண்டியதைச் "சாதனை" என்று எழுதிவிட்டால், விவரம் அறிந்த ஒருவர் கேட்கும்போது மற்ற வரிகளும் ஐயத்துக்குள்ளாகும். நாங்கள் எழுதிய ஒவ்வோர் அளவுக்கும் சான்றிதழின் நகலை இணைத்தோம்.

இரண்டாவது, பயிற்சி ஒழுங்கு. இதில் "கடும் உழைப்பு" என்ற சொல்லையே விலக்கினோம். எல்லாரும் எழுதுவதால் அது தேய்ந்துபோயிற்று. அதற்குப் பதிலாக எண்ணக்கூடியதை எழுதினோம். ஜூன் முதல் டிசம்பர் வரை 118 பயிற்சி நாட்களில் 109 நாட்கள் வந்திருக்கிறாள். வராத 9 நாட்களில் 5 நாட்கள் தேர்வு, 4 நாட்கள் கணுக்கால் சுளுக்கு. இதை மறைக்காமல் எழுதியதை உடற்கல்வி ஆசிரியை பாராட்டினார்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கணக்கு. நீளம் தாண்டுதலில் ஓடிவந்து பலகையின் கோட்டைக் கால் கடந்துவிட்டால் சிவப்புக் கொடி. எவ்வளவு தூரம் பாய்ந்தாலும் அது பிழைத் தாண்டல். ஓட்டத்தின் தொடக்க இடத்தை நாடா வைத்து அளந்து, ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக விழும்படி மாதக்கணக்கில் பழகினால்தான் பிழை குறையும். கடந்த ஆண்டு இவள் தாண்டிய 20 தாண்டல்களில் 8 பிழை. இவ்வாண்டு 24இல் 4தான் பிழை. பலத்தைக் காட்டும் எண் 5.18, பொறுமையைக் காட்டும் எண் இந்த 4. இரண்டையும் அருகருகே எழுதினோம்.

மூன்றாவதுதான் கடினமானது: யார் பார்ப்பார்கள்? இங்கே மிகைப்படுத்தும் ஆசை எழும். "மாநிலமெங்கும் புகழ் பரவும்" என்று எழுதினால் கடைக்காரர் சிரிப்பார். எண்ணிப் பார்த்ததையே எழுதினோம். விளையாட்டு விழாவில் பெற்றோருக்கு 600 நாற்காலிகள் போடப்பட்டன. இந்த ஆண்டு மலர் 1,400 வீடுகளுக்குச் செல்கிறது. மாவட்ட வெற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருமுறை வந்தது. இவற்றைக் கடைக்கேற்ப மாற்றினோம். காலணிக் கடைக்கு, ஜூன் மாதத்தில் பள்ளிக் காலணி வாங்கும் பெற்றோரைப் பற்றி முதலில் எழுதினோம். முட்டை மொத்த வியாபாரிக்கு, அவள் தினமும் என்ன உண்கிறாள் என்பதே முதல் வரி.

கைம்மாறாக நாங்கள் தர இயன்றவை மூன்று: பயிற்சிச் சட்டையில் கடைப் பெயர், விளையாட்டு விழாவில் ஒரு தட்டி, இந்த மலரில் ஒரு நன்றி வரி. போட்டிச் சட்டையில் பெயர் பொறிப்பதாக வாக்களிக்கவில்லை. அது போட்டி நடத்துவோரின் அனுமதிக்கு உட்பட்டது. வெற்றியையும் வாக்களிக்கவில்லை, அது யாருடைய அனுமதிக்கும் உட்பட்டதன்று!

தேவைகளைத் தனித்தனியாக விலையுடன் எழுதினோம். ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணி 4,500 ரூபாய். இரண்டு வெளியூர்ப் போட்டிகளுக்கு இரயில் கட்டணமும் தங்குமிடமும் 6,000 ரூபாய். முட்டை, பால், நிலக்கடலைக்கு மாதம் 1,200 ரூபாய். மொத்தத் தொகையை மட்டும் கேட்டால் சிறு கடைக்காரர் மலைத்துப்போவார். ஒரு வரியை மட்டும் ஏற்கலாம் என்றால் மனம் வரும். பணமாகவன்றிப் பொருளாகவும் தரலாம்.

மாணவி சிறுமியாதலால், பெற்றோரின் கையொப்பமும் தலைமையாசிரியைச் சிஸ்டரின் கையொப்பமும் பெற்ற பின்னரே குறிப்பு வெளியே சென்றது. வீட்டு முகவரியோ, கைப்பேசி எண்ணோ அதில் இல்லை. தொடர்புக்குப் பள்ளி அலுவலகம். காசோலை பள்ளியின் பெயரில். புகைப்படம் ஒன்றே ஒன்று, மணலில் இறங்கும் காட்சி. புகையிலை விற்கும் கடைகளுக்கு அனுப்புவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம்.

ஏழு கடைகளில் மூன்று இசைந்தன. காலணிக் கடைக்காரர் ஸ்பைக்ஸ் வாங்கித் தந்தார். முட்டை வியாபாரி வாரம் 30 முட்டைகள் அனுப்புகிறார். அச்சகத்தார் ஒரு பயணச் செலவை ஏற்றுக்கொண்டார். துணிக்கடை ஒன்று, அவளது முகத்தைப் பெரிய பலகையில் ஆண்டு முழுதும் வைக்கக் கேட்டது. அவளுடைய அப்பா வேண்டாம் என்றார், நாங்களும் வற்புறுத்தவில்லை. மற்ற மூன்று கடைகளிலிருந்து பதில் இல்லை.

ஜூன் மாதம் மூவருக்கும் இன்னொரு பக்கம் அனுப்புவோம். அதில் ரசீதுகளும் அதுவரையில் அவள் தாண்டிய அளவுகளும் இருக்கும். பிப்ரவரிப் போட்டியில் 5.11தான் தாண்டினாள். அதையும் எழுதியாயிற்று.