கடன் இருவருக்கும் உரியது

கணவனைப் பிரிந்து பிறந்தகம் வந்த பெண்ணை நம் ஊர்களில் ‘வாழாவெட்டி’ என்பர். மனைவியைப் பிரிந்த ஆணுக்கு அத்தகைய வசைச்சொல் வழக்கில் இல்லை. அச்சொல்லுக்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள், படுக்கையறையில் தமக்கு இழைக்கப்படும் வன்முறையை ‘மனைவியின் கடமை’ என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். பெரியோரும் புனித சின்னப்பரின் சொல்லையே காட்டி அவர்களைத் திருப்பி அனுப்புகின்றனர்.

ஆனால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தை முழுமையாக வாசிப்போமாக. மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உரிமை உண்டென்று கூறும் அப்போஸ்தலர், கணவனின் உடல்மேல் மனைவிக்கும் அதே உரிமை உண்டென்று உடனே கூறுகிறார். விலகியிருப்பதற்கும் இருவரின் இசைவையே கேட்கிறார். இசைவின்றி ஒருவர் பறித்துக்கொள்வது கடன் ஆகாது. துணையின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் மதியாது திணிக்கப்படும் தாம்பத்திய உறவு உண்மையான அன்புச் செயல் அன்று என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் அதையே மீண்டும் நினைவூட்டினார்.

ஒரு பெண்ணை மனக்கண் முன் நிறுத்துவோம். குழந்தை பிறந்து இருபது நாட்களே ஆகின்றன, உடற்புண் ஆறவில்லை. கணவன் குடித்துவிட்டு வந்து வற்புறுத்துகிறான், மறுத்தால் அடிக்கிறான். அவள் என் செய்வாள்?

உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெருந்தீங்கு விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழ 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் விதி இடமளிக்கிறது. ஆயரின் ஆணையைப் பெற்றுப் பிரிவதே முறை. தாமதம் ஆபத்தானால் அவள் தானாகவே பிரிந்துவிடலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது. அதன்படி அவள் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை அணுகி, நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையைப் பெறலாம்.

மணமுறிவு வேண்டின், 1869-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிறிஸ்தவ மனைவிக்குக் கணவனின் கொடுமை மட்டும் போதுமான காரணமாக இருக்கவில்லை. அதனோடு அவனது விபசாரத்தையும் எண்பிக்க வேண்டியிருந்தது. 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் கொடுமை ஒன்றே போதும்.

நீதிமன்றத் தீர்ப்பு திருமணம் என்னும் அருட்சாதனப் பிணைப்பை அவிழ்ப்பதில்லை. மறைமாவட்டத் தீர்ப்பாயம் அத்திருமணம் தொடக்கமுதலே செல்லாதென்று அறிவித்தாலன்றி, கணவன் உயிரோடிருக்கும் வரை அவள் கோவிலில் மறுமணம் செய்ய இயலாது. ஆயினும், தன் உரிமைகளையும் பிள்ளைகளையும் காக்க வேறு வழியில்லாதபோது அரசின் மணமுறிவை நாடுவது பாவமன்று என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. மறுமணம் செய்யாது வாழும் அவளுக்கு நற்கருணை வாங்க அம்மணமுறிவு தடையாகாது.

ஆதலின், அவளைப் பாடகர் குழுவிலிருந்து ஒதுக்கவும், ஞானத்தாயாக நிற்க வேண்டாமென்று தடுக்கவும் அந்த மணமுறிவைக் காரணம் காட்ட நமக்கு உரிமையில்லை. ‘கொஞ்சம் அனுசரித்துப் போ’ என்று சொல்லுமுன், அவள் அந்த வீட்டில் அஞ்சுவது எதற்கு என்று தனிமையில் கேட்போமாக.