எஸ்ஸா, எஃப்பா? போனில் தொலையும் பாதிக் குரல்

‘எஸ்... சுகர் எஸ் சார். ஃபாதர் எஃப் இல்ல.’ பான் எண்ணைப் போனில் சொல்லும் எவரும் ஒரு கட்டத்தில் இப்படிக் கத்தியிருப்பார்கள். எதிர்முனையில் இருப்பவர் மூன்று முறை கேட்டும் எஃப் என்றே எழுதிக்கொள்வார். அவருக்குக் காது மந்தம் என்று நாம் நினைப்போம். நமக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அவர் நினைப்பார். இரண்டு பேர் மீதும் தப்பில்லை. எஸ்ஸை எஸ் என்று அடையாளம் காட்டும் ஓசை போனுக்குள் நுழையும்போதே வெட்டுப்பட்டுவிட்டது. அந்த வெட்டுக்குப் பின்னால் 8000 என்ற எண் நிற்கிறது.

டிஜிட்டல் தொலைபேசி நம் குரலை அப்படியே அனுப்புவதில்லை. மைக்கில் வரும் மின்னழுத்தத்தை நொடிக்கு 8000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்கி அனுப்புகிறது. மறுமுனை அந்த எண்களை வைத்து அலையைத் திரும்ப வரைகிறது. அளப்பது சாம்பிளிங், அளந்ததை ஒரு படியில் பொருத்துவது குவாண்டைசேஷன், படியின் எண்ணைத் துடிப்புகளாக அனுப்புவது பல்ஸ் கோடு மாடுலேஷன், சுருக்கமாக பிசிஎம். பாரிஸில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் 1937-லேயே இதை யோசித்துவிட்டார். வால்வுகளை வைத்துக் கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடியவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1962-ல்தான் அமெரிக்காவில் எக்ஸ்சேஞ்சுகளுக்கிடையே இது வணிகரீதியாக ஓடத் தொடங்கியது.

ஏன் 8000? குரலுக்கு அவ்வளவு போதும் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி உண்மை.

சாம்பிளிங்கில் ஒரு கறாரான விதி உண்டு. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அந்த அலையைத் திரும்பப் பெறலாம். நொடிக்கு 8000 முறை அளந்தால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது மட்டுமே பத்திரம். அதற்கு மேலே உள்ளது சத்தமில்லாமல் காணாமல் போனால்கூடப் பரவாயில்லை. அது வேறு வேஷத்தில் திரும்பி வரும். 5000 ஹெர்ட்ஸ் ஒலியை 8000 முறை அளந்து கிடைக்கும் எண்களும், 3000 ஹெர்ட்ஸ் ஒலியை அளந்து கிடைக்கும் எண்களும் ஒன்றேதான். மறுமுனைக்கு வித்தியாசம் தெரியாது, 3000 என்றே வாசித்துக் காட்டும். நாம் சொன்ன எஸ்ஸின் சீறல், இல்லாத ஒரு விசிலாகப் பேச்சுக்கு நடுவே கேட்கும். இதற்குப் பெயர் ஏலியாசிங். ஒரு முறை கலந்துவிட்டால் பிரிக்க வழியே இல்லை.

அதனால்தான் அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். 4000-க்கு மேல் எதையும் விடக் கூடாது என்பது அதற்கு இட்ட உத்தரவு. ஆனால் எந்த வடிகட்டியும் சுவர் எழுப்பியதுபோல ஒரே இடத்தில் நிறுத்தாது, சரிவாகத்தான் குறைக்கும். அந்தச் சரிவுக்கு இடம் வேண்டுமே. ஆகவே 3400 வரை தாராளமாக விட்டு, 3400-லிருந்து 4000-க்குள் இறக்கி முடிக்கிறார்கள். கீழ்ப்பக்கம் 300-க்குக் கீழும் வெட்டு உண்டு. ஆண் குரலின் அடித்தொனி பெரும்பாலும் 100, 120 ஹெர்ட்ஸ்தான், அதுவும் வருவதில்லை. அதன் மடங்குகள் வந்து சேர்வதால், இல்லாத அடித்தொனியை நம் மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மேல்பக்கத்து வெட்டை நிரப்ப மூளையிடம் அப்படி ஒரு வித்தை கிடையாது.

சரி, அந்த 4000 எங்கிருந்து வந்தது? இங்கேதான் மீதிப் பாதி உண்மை இருக்கிறது. பிசிஎம் வருவதற்கு முன்பே, ஒரே கம்பியில் பல பேச்சுகளை அனுப்ப ஒவ்வொன்றையும் வெவ்வேறு அதிர்வெண்ணுக்கு உயர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார்கள். ஆளுக்கு 4000 ஹெர்ட்ஸ் இடம். 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை 12 பேர் ஒரு குழு. 1930-களின் இறுதியிலேயே இந்த அடுக்கு நிலைபெற்றுவிட்டது. டிஜிட்டல் வந்தபோது புதிதாகக் காதைக் கேட்டு யாரும் அளவெடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த 4000-ஐ இரண்டால் பெருக்கினார்கள். பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே நெட்வொர்க்கில் கைகோத்து ஓட வேண்டியிருந்ததால், அன்றைக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆக 8000 என்பது நம் தொண்டையின் அளவு அல்ல. கேரியர் கம்பியில் ஆளுக்கு ஒதுக்கிய இடத்தின் அளவு.

அந்த இடத்துக்குள் என்ன அடங்கவில்லை என்று பாருங்கள். உயிரெழுத்துகள் அடங்கிவிடுகின்றன. ஆ, ஈ, ஊ ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் வலிமையான பகுதிகள் 3000-க்குள்ளேயே முடிந்துவிடும். ‘ஷ’வின் சீறலும் ஓரளவு கீழே, 2500-ஐ ஒட்டியே தொடங்குவதால் தப்பிக்கிறது. ‘ஸ’ அப்படியில்லை. அதன் சக்தியில் பெரும்பங்கு 4000-க்கு மேலே. பெண்களும் குழந்தைகளும் சொல்லும்போது இன்னும் மேலே போகும். ‘ஃப’ பலவீனமான காற்றோசை, உச்சம் என்று எதுவும் இல்லாமல் பரந்து கிடப்பது. 3400-க்கு மேலே வெட்டிவிட்டால் இரண்டிலும் மிஞ்சுவது ஏறத்தாழ ஒரே மாதிரி மங்கலான ‘உஸ்’ மட்டும்தான். முழு வாக்கியம் பேசினால் சொல்லின் பொருளை வைத்துக் காது சமாளித்துக்கொள்ளும். பான் எண்ணுக்கு ஏது பொருள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அலைவரிசையில் இவ்வளவு முரட்டுத்தனமாக வெட்டிய அதே ஆட்கள், ஒலியின் அளவைப் படிகளில் பொருத்தும் வேலையில் மிக நுட்பமாக நடந்துகொண்டார்கள்.

8 பிட்டில் 256 படிகள்தான் கிடைக்கும். மேலுக்கு 128, கீழுக்கு 128. இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றும் ஏ-லா முறையில் ஒலியின் உச்ச அளவை 4096 என்று வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஒரு படிக்கு 32. உரக்கப் பேசுபவரின் 1500 என்ற அளவில் 16 பிசகினால் யாருக்கும் தெரியாது. மெல்லப் பேசுபவரின் 45-ல் 16 பிசகினால் மூன்றில் ஒரு பங்கு போச்சு, குரலோடு கரகரப்பும் சேர்ந்து வரும். நகைக்கடைத் தராசில் எடைபோட வேண்டியதை வெங்காய மண்டித் தராசில் போட்ட கதைதான்.

அதனால் படிகளைச் சமமாக வைக்கவில்லை. 0 முதல் 64 வரை ஒரு படிக்கு 2 மட்டுமே. அடுத்து 128 வரை 4, 256 வரை 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், 1024-க்கும் 2048-க்கும் நடுவில் ஒரு படி 64, கடைசிப் பகுதியில் 128. மேலே சொன்ன 1500-ஐ இதில் வைத்துப் பார்க்கலாம். அது 1024-ல் தொடங்கும் பகுதியில் விழுகிறது. மிச்சம் 476. 64-ஆல் வகுத்தால் ஏழு படி தாண்டி எட்டாவதில் நிற்கிறது, அதாவது 1472-க்கும் 1536-க்கும் இடையில். மறுமுனை அந்தப் படியின் நடுவை எடுத்து 1504 என்று வாசிக்கும். பிசகு வெறும் 4. அதிகபட்சமாகப் பிசகினாலும் 32-ஐத் தாண்டாது, சுமார் 2 சதவீதம். 45-க்கு அதிகபட்சப் பிசகு 1, அதுவும் ஏறத்தாழ அதே 2 சதவீதம். கத்தினாலும் கிசுகிசுத்தாலும் தரம் ஒன்று.

அனுப்பும் எட்டு பிட்டுகளில் முதல் பிட் மேலா கீழா என்பது, அடுத்த மூன்று எந்தப் பகுதி, கடைசி நான்கு அதற்குள் எந்தப் படி. நமது 1500-க்கு 1 110 0111. இதையும் அப்படியே கம்பியில் விடுவதில்லை, ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு பிட்டுகளைப் புரட்டி 10110010 என்று அனுப்புகிறார்கள். காரணம் மௌனம். இருவரும் பேசாமல் இருக்கும்போது வரும் அளவு 10000000, வரிசையாகச் சுழியங்கள். துடிப்பே இல்லாவிட்டால் மறுமுனைக் கடிகாரம் தாளம் தப்பிவிடும். புரட்டினால் அதுவே 11010101 ஆகிறது, தாளம் தப்பாது.

எட்டை 8000-ஆல் பெருக்கினால் நொடிக்கு 64,000 பிட். இரண்டு சாம்பிளுக்கு நடுவே 125 மைக்ரோநொடி இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மற்றவர்களின் எண்களையும் வரிசையாக நுழைத்து, அமெரிக்கா 24 பேச்சுகளையும், ஐரோப்பாவும் நாமும் 30 பேச்சுகளையும் இரண்டு ஜோடிக் கம்பியில் ஏற்றினோம். பேச்சுக்கு முப்பதும் நிர்வாகத்துக்கு இரண்டுமாக 32 இடம், ஆக 20,48,000 பிட். பின்னால் வந்த ஒளியிழைக் கருவிகளும் அதே 125 மைக்ரோநொடித் தாளத்தில்தான் தங்கள் சட்டகங்களை அனுப்பின. அடித்தளத்தில் 8000 உட்கார்ந்துவிட்டது. மேலே கட்டியவை எல்லாம் அதன் மேல் நிற்கின்றன.

இந்தச் சிக்கனம் இல்லாவிட்டால் கோடிக்கணக்கானவர்களுக்கு மலிவாக போன் கிடைத்திருக்காது என்று பொறியாளர்கள் சொல்வார்கள். நியாயம்தான். அது 1962-ன் நியாயம். 1988-லேயே ஜி.722 என்ற தரநிர்ணயம் வந்துவிட்டது. நொடிக்கு 16,000 முறை அளக்கும், 7000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும், செலவாவது அதே 64,000 பிட்தான். கைப்பேசிகளுக்காக வந்த அகல அலைவரிசைக் கோடெக் 12,650 பிட்டிலேயே அந்த வேலையைச் செய்கிறது, ஐந்தில் ஒரு பங்கு. செலவைக் காரணம் காட்ட இனி இடமில்லை.

ஆனால் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி பழையதாக இருந்தால் போதும், மொத்தப் பேச்சும் பழையதாகிவிடும். உங்கள் கைப்பேசி 16,000 முறை அளந்து அனுப்புகிறது. நடுவில் ஒரு கேட்வே, அல்லது எதிர்முனையில் ஓர் அலுவலக எக்ஸ்சேஞ்ச் 8000-க்கே அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வடிகட்டி மறுபடி வெட்டுகிறது, எஸ் போய்விடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கருவியில் கேட்டாலும் திரும்பி வராது. எண்ணும் பெயரும் முகவரியும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் கேட்க வேண்டிய இடம் புகார் மையம், மருத்துவமனை வரவேற்பு, அவசர உதவி எண். அப்படிப்பட்ட இடங்களில் பழைய அமைப்பு கிடந்தால், வயதாகி உயர்ந்த ஓசைகள் ஏற்கெனவே மங்கிப்போன காதுகளுக்கு அது இரட்டைத் தண்டனை.

சோதித்துப் பார்ப்பது சுலபம். எதிர்முனையில் இருப்பவரிடம் ‘ஸ்ஸ்’ என்றும் ‘ஃப்ஃப்’ என்றும் மாற்றி மாற்றி, வரிசை சொல்லாமல் ஊதிக் காட்டுங்கள். சரியாகச் சொன்னால் அகல அலைவரிசை. குருட்டாம்போக்கில் சொன்னால் 8000. சில போன்கள் திரையில் HD என்று காட்டுவதும் உண்டு. உள்ளே ஐபி போன் வைத்திருக்கும் பல அலுவலகங்களில் ஜி.722 ஏற்கெனவே கருவியிலேயே இருக்கும், கோடெக் பட்டியலில் கீழே தள்ளிவிட்டிருப்பார்கள். அலுவலக போன்களைப் பராமரிப்பவரைக் கூப்பிட்டு அதை முதலிடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். புதிய இணைப்புக்கு ஒப்பந்தம் போடும்போது, 16,000 சாம்பிள் முனைக்கு முனை வருமா என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காத வரை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.