ஏலக்காய் வருமானத்தை அமெரிக்க விசா அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? எஃப்-1 நேர்காணலுக்கு ஒரு ரிகர்சல்

மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு விசா இன்டர்வியூவில் ஒரு கேள்வி சுலபமாக முடிந்துவிடும். "அப்பா என்ன செய்கிறார்?" கம்பெனி பெயர், பதவி, சம்பளம். அவ்வளவுதான். போடிநாயக்கனூர் பக்கத்தில் ராசிங்காபுரத்திலிருந்து போகும் மாணவிக்கு அதே கேள்வி கொஞ்சம் சிக்கல். வீடு இங்கே இருக்கும். ஏலத்தோட்டம் போடிமெட்டு தாண்டி, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும். வருமானம் மாதாமாதம் வராது. வருமான வரி ரிட்டர்னிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இதையெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லியாக வேண்டும்.

எனவே பொதுவாக "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்று சொல்லாமல், ஒரு உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்கையே போட்டுப் பார்க்கலாம். இடம்: சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம். விசா: முழுநேரப் படிப்புக்கான எஃப்-1.

முதலில் ஒரு சட்டம்

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாணவர் விசா, சுற்றுலா விசா கேட்டு வருகிறவர் எல்லாரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று சட்டமே முன்கூட்டி வைத்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு நம்முடையது. நிராகரிக்கப்பட்டவர்கள் கையில் கொடுக்கப்படும் தாளில் பெரும்பாலும் இருப்பது இந்த எண்தான்.

அதாவது அதிகாரி மனதில் ஓடுவது மூன்று விஷயம். இந்தப் பெண் உண்மையிலேயே படிக்கத்தான் போகிறாரா? பணம் எங்கிருந்து வருகிறது? படித்து முடித்ததும் என்ன திட்டம்? எந்தக் கேள்வி கேட்டாலும் சுற்றிச் சுற்றி இந்த மூன்றில்தான் வந்து நிற்கும்.

கணக்கு இப்படி

நம் உதாரண மாணவி இரண்டு வருட முதுகலைப் படிப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் முதல் வருடச் செலவு கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து 40,000 டாலர். கணக்குக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்றால் 36 லட்சம். இரண்டு வருடத்துக்கு 72 லட்சம்.

பணம் வரும் வழி: ராசிங்காபுரத்து வீட்டையும் நிலத்தையும் அடமானம் வைத்து வங்கி அனுமதித்த கல்விக் கடன் 45 லட்சம். அப்பாவின் வைப்புத்தொகையும் சேமிப்பும் 13 லட்சம். மீதி 14 லட்சம் அடுத்த இரண்டு வருட ஏலக்காய் வருமானம். அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவு அவர் சம்பளத்தில் ஓடிவிடுகிறது.

அந்த 14 லட்சம் எப்படி வந்தது என்றும் மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று ஏக்கர் தோட்டம். ஒரு பருவத்தில் 600 கிலோ உலர்ந்த காய். கிலோ சராசரி 2,400 ரூபாய் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம். கூலி, உரம், மருந்து, உலர்த்தும் செலவு போக கையில் நிற்பது ஏழு லட்சம். இரண்டு வருடத்துக்கு 14.

இதை அப்படியே மனப்பாடம் செய்து ஒப்பிக்கச் சொல்லவில்லை. "அப்பா விவசாயம்" என்று மட்டும் சொன்னால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. "மூன்று ஏக்கரில் ஏலக்காய் பயிரிடுகிறோம், போடியில் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் விற்கிறோம், செலவு போக வருடத்துக்கு ஏழு லட்சம் நிற்கும், அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை" என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், படம் தெளிவாகிவிடும். விலை ஏறி இறங்குமே என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லலாம். 2019-ல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், அடுத்த சில வருடத்தில் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்ததை ஊரே பார்த்தது. "அதனால்தான் பெரும்பகுதியைக் கடனாக எடுத்திருக்கிறோம்" என்பது ரொம்ப நியாயமான பதில்.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு கண்ணி

இன்டர்வியூவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் கணக்கில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால் சந்தேகம் வரும். விசாவுக்காக யாரிடமோ வாங்கிப் போட்ட பணமோ என்று தோன்றும். ஏலக்காய்க் குடும்பத்தில் பணம் வருவதே அப்படித்தான் என்பதுதான் பிரச்சினை. காய் நாற்பது நாளுக்கு ஒருமுறை மாதிரி சுற்றுச் சுற்றாகப் பறிக்கிறார்கள். 150 கிலோ ஏலத்துக்குப் போனால் மூன்றரை லட்சம் ஒரே நாளில் வரவாகும். அப்புறம் பல வாரம் ஒன்றும் இருக்காது.

இதற்கு வழி எளிது. ஒரு வருடத்துக்கான ஸ்டேட்மென்ட் எடுங்கள். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் அந்த ஏல நிறுவனம் கொடுத்த விற்பனை பில் இருக்கட்டும். தேதியும் தொகையும் பொருந்த வேண்டும். கமிஷன் பிடித்ததால் தொகை கொஞ்சம் குறைந்திருந்தால் அதுவும் பில்லிலேயே தெரியும். வரி ரிட்டர்ன் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டால், விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் மத்திய வருமான வரி கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பணம் போதவில்லை என்று போலி ஸ்டேட்மென்ட் வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் யாராவது வந்தால், தயவுசெய்து வேண்டாம். 214(பி) நிராகரிப்புக்குப் பிறகு திரும்ப விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பொய் ஆவணம் என்று முடிவானால் வாழ்நாள் தடை வரைக்கும் போகும்.

பெயரில் இனிஷியல் இருக்கா?

நம்ம ஊரில் மட்டும் வரும் சிக்கல் இது. மார்க் ஷீட்டில் இனிஷியலோடு பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, அல்லது குடும்பப் பெயர் இடமே காலி. டிஎஸ்-160 விண்ணப்பத்தில் எழுத வேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கும்படிதான். குடும்பப் பெயர் காலியாக இருந்தால், உங்கள் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, இன்னொரு கட்டத்தில் FNU என்று எழுதுவது வழக்கம். ஐ-20 படிவமும் பாஸ்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். தவறு இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டுத் திருத்தி வாங்க நாளாகும்.

ஃபைலில் மேலே இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், டிஎஸ்-160 உறுதிப்பக்கம், நேரம் பதிவு செய்த தாள், கையெழுத்திட்ட ஐ-20, செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டிய ரசீது. விசாக் கட்டணம் 185 டாலர் தனி. நேரம் பதிவு செய்தபோது கொடுத்த டிஎஸ்-160 எண்ணும் கையில் உள்ள தாளின் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். படிவத்தைத் திருத்திப் புதிதாக அனுப்பியவர்கள் மாட்டுவது இங்கேதான். மார்க் ஷீட், தேர்வு மதிப்பெண், கடன் அனுமதிக் கடிதம், ஏல பில் எல்லாம் அதற்குக் கீழே. கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். கேட்காமலே ஜன்னலில் திணிக்க வேண்டாம். பல பேருக்கு ஐ-20 தவிர வேறு எந்தத் தாளையும் பார்க்காமலே முடிவு சொல்லிவிடுகிறார்கள்.

டிஎஸ்-160-ல் கடந்த ஐந்து வருடம் பயன்படுத்திய சோஷியல் மீடியா கணக்குகளையும் கேட்பார்கள். மாணவர் விசாவுக்கு அவற்றைப் பொதுவில் திறந்து வைக்க வேண்டும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். பழைய கணக்கை மறந்துவிட்டேன் என்பது நல்ல பதில் இல்லை.

ஜன்னல் முன்னால்

சென்னைக்குப் போக வேண்டியது இரண்டு வேலைக்கு. கைரேகையும் போட்டோவும் கொடுக்க விசா விண்ணப்ப மையம், பிறகு இன்னொரு நாள் தூதரகம். போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு 2023 ஜூனில் ரயில் வந்துவிட்டது. ஆனால் அது வாரத்தில் மூன்று நாள்தான். காலை அப்பாயின்ட்மென்ட்டுக்கு அன்றைக்குக் காலையில் வந்து இறங்கும் திட்டம் ரிஸ்க். முந்தின நாளே வந்துவிடுங்கள். போனை ரூமிலேயோ, கூட வந்தவரிடமோ விட்டுவிடுங்கள். உள்ளே எலக்ட்ரானிக் பொருள் எதுவும் கொண்டு போக முடியாது, வாசலில் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வெளியேதான் நிற்க வேண்டும்.

உள்ளே உட்காரும் இன்டர்வியூ இல்லை. வரிசை நகரும், ஜன்னல் வரும், நின்றுகொண்டே பேசுவீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக். மெதுவாக முணுமுணுத்தால் கேட்காது. பக்கத்து ஜன்னலில் ஒருவருக்கு மறுப்பு சொல்வது காதில் விழலாம். அதைக் கேட்டுப் பதறிப்போய் நம் பதிலை மாற்றிவிடக் கூடாது.

"ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்பது அநேகமாக முதல் கேள்வி. கோச்சிங் சென்டரில் சொல்லிக் கொடுத்த "உலகத் தரம், சிறந்த பேராசிரியர்கள்" பதிலை அதிகாரி அன்றைக்குக் காலையிலேயே பல தடவை கேட்டிருப்பார். நீங்கள் எடுக்கப்போகும் பாடம் ஒன்றைச் சொல்லுங்கள், அது ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள். எத்தனை இடத்தில் விண்ணப்பித்தீர்கள், எத்தனை கிடைத்தது, அரியர் உண்டா, அங்கே உறவினர் உண்டா என்று அடுத்தடுத்து வரும். சித்தப்பா நியூஜெர்சியில் இருந்தால் இருக்கிறார் என்றே சொல்லுங்கள். படிவத்திலும் அதேதான் இருக்க வேண்டும்.

கேள்வி புரியவில்லை என்றால் "திரும்பச் சொல்ல முடியுமா" என்று கேட்பதில் தவறே இல்லை. அதிகாரி உங்களைப் பார்க்காமல் டைப் செய்துகொண்டே இருப்பதைக் கெட்ட சகுனமாக எடுக்க வேண்டாம், குறிப்பு எழுதுகிறார். பாதியில் வெட்டி அடுத்த கேள்விக்குப் போனால், முந்தின பதில் போதும் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கும். பின்னாளில் பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா, அம்மா விசிட்டர் விசா கேட்டுப் போகும்போது தமிழில் பேசலாம்.

முடிவு அங்கேயே

ஓகே என்றால் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். 214(பி) தாள் வந்தால் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார்கள். மேல்முறையீடு கிடையாது. திரும்பப் போக வேண்டுமென்றால் புதிய படிவம், புதிய கட்டணம். அதே பதிலோடு அடுத்த வாரமே போவதால் பெரிய பலன் இருக்காது. பணமா, பாடத் தேர்வா, எங்கே தடுக்கியது என்று அன்றைக்கே கேள்விகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் மறந்துவிடும். மூன்றாவதாக 221(ஜி) என்ற தாள் உண்டு. இன்னும் ஆவணமோ கூடுதல் சரிபார்ப்போ தேவை என்று அர்த்தம். கேட்டதை அனுப்பிவிட்டு ceac.state.gov தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது முடியும்வரை விமான டிக்கெட் போட வேண்டாம்.