புயல் அடித்தால் பொறுப்பு யாருடையது?
ஒப்பந்தத்தில் ஒரு வரி; அதற்குள் நாலரை லட்ச ரூபாய் வழக்கு!

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன.

தோப்புக்காரருக்கு நேர்ந்த நஷ்டம் ஊருக்கே தெரியும். ஆனால் அவரிடம் காய் வாங்கி வெளியூருக்கு அனுப்புவதாக எழுதிக் கொடுத்திருந்த வியாபாரியின் கதி என்ன? ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

பேராவூரணியில் ஒரு தேங்காய் வியாபாரி. காங்கேயத்தில் ஓர் எண்ணெய் மில் முதலாளி. 2018 ஆகஸ்டு முதல் 12 மாதங்களுக்கு, மாதம் 10,000 காய், காய் ஒன்று 12 ரூபாய் என்று இருவரும் ஒப்பந்தம் எழுதிக் கொண்டார்கள். மில் முதலாளி ஒரு லட்ச ரூபாய் முன்பணமும் கொடுத்தார். பத்திரத்தின் கடைசியில் இப்படி ஒரு ஷரத்து இருந்தது:

"புயல், வெள்ளம் முதலிய எதிர்பாராத காரணங்களால் சரக்கு கொடுக்க முடியாமல் போனால் வியாபாரி பொறுப்பல்ல."

மூன்று மாதம் சரக்கு ஒழுங்காகப் போயிற்று. பிறகு புயல் வந்தது. "ஷரத்துப்படி எனக்குப் பொறுப்பு இல்லை" என்றார் வியாபாரி. "பொள்ளாச்சியில் காய் கிடைக்கிறதே! அங்கே வாங்கி அனுப்பும்" என்றார் மில் முதலாளி. பொள்ளாச்சிக் காய் 17 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். காய்க்கு 5 ரூபாய் வித்தியாசம். பாக்கி 9 மாதத்துக்கு 90,000 காய். ஆக, 4,50,000 ரூபாய் யார் தலையில் விழுவது?

படிக்கும்போது தெளிவாகத் தோன்றிய அந்த ஒரு வரியை இப்போது சொல் சொல்லாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எந்தச் சரக்கு?

வழக்கின் உயிர்நாடி "சரக்கு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. எந்த ஊர்க் காய் என்று பத்திரத்தில் இல்லை. வெறும் "தேங்காய்" என்றால் பொள்ளாச்சிக் காயும் தேங்காய்தான். அப்படியானால் "கொடுக்க முடியாமல் போயிற்று" என்று வியாபாரி சொல்வது கஷ்டம்.

இதே கேள்வி இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு விஷயத்தில் எழுந்தது. ஒரு விவசாயி தம்முடைய குறிப்பிட்ட நிலத்தில் விளையும் கிழங்கில் 200 டன் தருவதாக ஒப்புக்கொண்டார். பயிரில் நோய் விழுந்து, சுமார் 80 டன்தான் தேறியது. மீதியைத் தரவில்லை என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். 1876-ல் அப்பீல் கோர்ட்டு விவசாயியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேசியது அந்த நிலத்துக் கிழங்கு. அந்த நிலத்தில் விளையவில்லை. அதனால் அவர்மேல் குற்றம் இல்லை. வெறும் "200 டன் கிழங்கு" என்று எழுதியிருந்தால், சந்தையில் வாங்கியாவது கொடுத்திருக்க வேண்டும்.

பேராவூரணி வியாபாரியும் "பேராவூரணி வட்டாரத் தோப்புகளில் விளைந்த காய்" என்று எழுதியிருந்தால் அவர் நிலை பலமாக இருந்திருக்கும். நான்கே சொற்கள் விட்டுப்போயின.

முடியாதா, கட்டாதா?

அடுத்த சொல் "முடியாமல்". 17 ரூபாய்க்கு வாங்கி 12 ரூபாய்க்குக் கொடுத்தால் வியாபாரிக்குக் கட்டாது. ஆனால் கட்டாதது வேறு, முடியாதது வேறு.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, ஒப்பந்தம் செய்த பிறகு அந்தக் காரியம் நடக்கவே முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. விலை ஏறியதை மட்டும் காட்டி இந்தப் பிரிவின் கீழ் தப்ப முடியாது. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தந்த ஏஜெண்டுகள், உலகப் போரால் நிலைமை மாறிவிட்டது என்று பேசிய விகிதத்துக்கு மேல் பணம் கேட்டார்கள். 1960-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை.

ஏறிய விலைக்கும் பரிகாரம் வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுத வேண்டும். "விலை இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் இருவரும் கலந்து புது விலை பேசுவது" என்று ஒரு வரி போதும்.

"முதலிய" செய்யும் வேலை

"புயல், வெள்ளம் ஆகிய காரணங்களால்" என்றால் பட்டியல் அங்கேயே முடிந்துவிடுகிறது. தீப்பிடித்தாலும் அதில் சேராது. "முதலிய" என்றால் கதவு திறந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம்? லாரி வேலைநிறுத்தம் அதில் சேருமா? புயலும் வெள்ளமும் இயற்கையின் செயல். வேலைநிறுத்தம் மனிதர் செயல். ஒரே இனமல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிக்கலாம்.

"எதிர்பாராத" என்ற சொல் வியாபாரியின் காலையே வாரிவிடக் கூடியது. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் புயல் அடிப்பது புதிதா? 1977 நவம்பரிலும் நாகப்பட்டினம் பெரும் புயலைக் கண்டது. "புயல் எதிர்பார்க்கக் கூடியதுதானே" என்று மில் முதலாளி கேட்டால் பதில் சொல்வது சிரமம். "அவருடைய கட்டுக்கு மீறிய" என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

பொறுப்பல்ல, எதுவரை?

"பொறுப்பல்ல" என்பதும் பாதிப் பேச்சுதான். நவம்பர் மாதச் சரக்குக்கு மட்டுமா, 9 மாதத்துக்குமா? சாலையில் விழுந்த மரத்தை வெட்டி அகற்றச் சில நாட்கள் போதும். தோப்பே சாய்ந்தால், புதிதாக வைத்த நெட்டைத் தென்னை காய்க்கப் பல ஆண்டு ஆகும். முன்னது தாமதம், பின்னது முடிவு. இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதி வைத்தால் சண்டைதான்.

அந்த ஒரு லட்ச ரூபாய்? ஒப்பந்தம் செல்லாமற் போனால், அதன் பேரில் பெற்ற ஆதாயத்தைத் திருப்ப வேண்டும் என்று 65-வது பிரிவு சொல்கிறது. ஆகவே வியாபாரி ஜெயித்தாலும், வரவேண்டிய சரக்குக்காக அவர் கையில் நிற்கும் முன்பணம் அவருடையதாகிவிடாது. தோற்றாலோ, விலை வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கொடுக்க நேரும்.

திருத்தி எழுதினால்

அதே ஷரத்தை இப்படி எழுதியிருக்கலாம்:

"பேராவூரணி வட்டாரத் தோப்புகளில் விளைந்த காயை, புயல், வெள்ளம், தீ, போக்குவரத்து நிறுத்தம் ஆகியவற்றாலோ, வியாபாரியின் கட்டுக்கு மீறிய வேறு காரணத்தாலோ அனுப்ப முடியாவிட்டால், அவர் 7 நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தடை நீங்கும் வரை தவணை தள்ளிப் போகும். தடை 60 நாளுக்கு மேல் நீடித்தால் இருவரில் எவரும் ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ளலாம். சரக்கு வராத முன்பணத்தை 15 நாளில் திருப்பித் தர வேண்டும். விலை ஏற்றம் மட்டும் காரணமாகாது."

கடைசி வாக்கியம் மில் முதலாளிக்குக் காப்பு. முதல் வாக்கியம் வியாபாரிக்குக் காப்பு. எந்தக் காய், என்ன காரணம், எத்தனை நாள், பணம் என்னாவது என்ற நாலு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

பழைய வரியில் சொற்கள் பன்னிரண்டுகூட இல்லை. அதற்கு அர்த்தம் தேடித்தான் இருவரும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறது.