ஏழு மணிப் படத்துக்கு ஆறரைக்கே கூட்டம்: யூடியூப் பிரீமியரும் அதன் சாட்டும்

2021 மே 21. கொரிய நேரப்படி மதியம் ஒரு மணி, நம் கடிகாரத்தில் காலை ஒன்பதரை. பி.டி.எஸ் குழுவின் ‘பட்டர்’ பாடல் யூடியூபில் வெளியானபோது ஒரே சமயத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உச்சத்தில் 39 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆகஸ்டில் வந்த அவர்களுடைய ‘டைனமைட்’ 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இரண்டுமே முன்கூட்டி எடுத்து, வெட்டி ஒட்டி, வண்ணம் சேர்த்து முடித்த வீடியோக்கள்தான், நேரலை அல்ல. ஆனால் அத்தனை பேரும் ஒரே நொடியில் பார்த்தார்கள், பக்கத்திலேயே ஓடிய சாட்டில் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இதற்கு யூடியூப் வைத்திருக்கும் பெயர் ‘பிரீமியர்’. 2018 ஜூனில் அறிவிக்கப்பட்ட வசதி இது. நட்சத்திரங்களுக்கு மட்டுமானதல்ல; முந்நூறு சந்தாதாரர் உள்ள சேனலும் நடத்தலாம். நடத்தவும் செய்கிறார்கள். பல நேரங்களில் சாட்டில் இயக்குநரும் அவருடைய தம்பியும் மட்டும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்க முடிகிறது.

அப்படி ஆவதற்கான முதல் காரணம், இரண்டு வேறு வேறு ஏற்பாடுகளை ஒன்றென நினைத்துவிடுவது. வீடியோவைப் பதிவேற்றும்போது கடைசியாக வரும் Visibility பக்கத்தில் Schedule என்பதைத் தேர்ந்தெடுத்து நாளும் நேரமும் கொடுத்தால், அது திட்டமிட்ட பதிவேற்றம். குறித்த நேரம் வரை வீடியோ யார் கண்ணிலும் படாது. நேரம் வந்ததும் சாதாரண வீடியோவாக வெளியாகும். கருத்துப் பகுதி உண்டு, சாட் கிடையாது. அதே இடத்தில் உள்ள Set as Premiere என்ற சிறு கட்டத்தையும் டிக் செய்தால் கதையே வேறு. வீடியோவுக்கான பக்கம் உடனே எல்லோருக்கும் திறந்துவிடும். தலைப்பு, முகப்புப் படம், விளக்கம் எல்லாம் தெரியும். வீடியோ மட்டும் ஓடாது. வருகிறவர் ‘நினைவூட்டு’ பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம், சாட்டில் எழுதலாம், இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்பலாம். அந்தப் பக்கம்தான் தியேட்டர் வாசல்.

வாசலை எத்தனை நாள் முன்னால் திறப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முகப்புப் படத்தைப் பார்த்து ஆசையாகத் தட்டியவருக்கு ‘இன்னும் ஆறு நாள்’ என்று வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். இந்த வசதி வந்த புதிதில் சந்தாப் பட்டியல் முழுக்க ஓடாத வீடியோக்களாக நிற்கின்றன என்று பார்வையாளர்கள் குறைபட்டது இதனால்தான். ரசிகர் மன்றம் உள்ளவர்கள் ஒரு வாரம் காக்கவைக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் போதும். வாராவாரம் வரும் சமையல் குறிப்புக்கோ ஃபோன் விமர்சனத்துக்கோ பிரீமியரே தேவையில்லை. வெறும் Schedule போதும். ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதில் சுவை கூடும் வீடியோ எதுவோ, குறும்படம், பாடல், தொடரின் கடைசிப் பகுதி, அதற்குத்தான் இந்த ஏற்பாடு பொருந்தும்.

ஒரு கணக்குக்கு, மதுரையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து 22 நிமிடக் குறும்படம் ஒன்றை முடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேனலில் இரண்டாயிரம் சந்தாதாரர்கள். ஜூலை மாதம், ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. எந்த நேரத்துக்கு?

ஊகம் தேவையில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் Analytics பகுதியில் Audience என்ற பக்கத்தில், உங்கள் பார்வையாளர்கள் யூடியூபில் இருக்கும் நேரத்தைக் கடந்த 28 நாள் கணக்கில் ஊதாக் கட்டங்களாகக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. நிறம் அடர்ந்திருந்தால் கூட்டம் அதிகம். நண்பர்களின் சேனலில் ஞாயிறு மாலை ஏழும் இரவு ஒன்பதும் அடர்ந்திருக்கின்றன. ஒன்பது மணிக்கு ஆட்கள் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆனால் இந்திய நேரம் மாலை ஏழு என்றால் சிங்கப்பூரில் இரவு ஒன்பதரை, லண்டனில் மதியம் இரண்டரை, டொராண்டோவில் காலை ஒன்பதரை. ஒன்பதுக்குத் தள்ளினால் சிங்கப்பூரில் பதினொன்றரை ஆகி, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். ஏழுதான் சரி. இதே படம் டிசம்பரில் வந்தால் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் நகரும்; அங்கே குளிர்காலத்தில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். யூடியூப் பக்கம் அவரவர் ஊர் நேரத்தைத் தானே காட்டிவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் போஸ்டர் காட்டாது. அதில் ‘இந்திய நேரம்’ என்று போடாமல் ‘மாலை 7’ என்று மட்டும் போட்டால் வெளிநாட்டு அத்தை மாமாக்களில் பாதிப் பேர் தவறவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமையே வீடியோவை ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் உடனே பிரீமியராக அறிவிப்பதில்லை; டிராப்டாக நிறுத்தி வைக்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. பதிவேற்றத்தின் Checks கட்டத்தில் யூடியூப் பதிப்புரிமைச் சோதனை செய்யும். டீக்கடைக் காட்சியில் பின்னணியில் ரேடியோவில் கேட்கும் அரை நிமிடப் பழைய பாட்டு ஒன்று மாட்டினாலும் போதும், உரிமையாளரின் முடிவைப் பொறுத்து வீடியோ சில நாடுகளிலோ எல்லா இடத்திலுமோ முடங்கலாம். ஞாயிறு ஆறரைக்கு இது தெரியவந்தால் செய்ய ஒன்றுமில்லை. மேலும், ஏற்றிய கோப்பை அதே இணைப்பில் வேறு கோப்பாக மாற்ற யூடியூப் விடாது. தலைப்பை மாற்றலாம், முகப்புப் படத்தை மாற்றலாம்; டைட்டிலில் ஒளிப்பதிவாளர் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் நீக்கிவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும். புது இணைப்பு வரும், பழைய இணைப்பில் நினைவூட்டலை அழுத்தியவர்கள் எல்லோரும் கைநழுவிப் போவார்கள். அதனால் நால்வரும் உட்கார்ந்து படத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை அறிவிக்கிறார்கள்.

அறிவிக்கும்போதே கவனிக்க வேண்டிய இன்னொரு கண்ணி, ‘இது குழந்தைகளுக்கான வீடியோவா’ என்ற கேள்வி. படத்தில் ஒரு சிறுவன் நடித்திருக்கிறான் என்பதற்காக யாரோ ‘ஆம்’ என்று குறித்துவிட்டால் சாட் வராது, கருத்துப் பகுதியும் மூடிக்கொள்ளும். பிரீமியர் பக்கத்தில் சாட் பெட்டியே காணோம் என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். சிறுவர்கள் நடித்த படம் வேறு, சிறுவர்களுக்காக எடுத்த படம் வேறு.

Set as Premiere கட்டத்தை டிக் செய்ததும் அருகில் Set up Premiere வரும். படம் தொடங்குமுன் ஓடும் கவுன்ட்டவுன் எந்தத் தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பதை அங்கே தேர்ந்தெடுக்கலாம். காத்திருப்பவர்களுக்காக 15 விநாடி முதல் 3 நிமிடம் வரையிலான டிரெய்லரையும் அங்கேதான் சேர்ப்பார்கள். வழக்கமான கவுன்ட்டவுன் இரண்டு நிமிடம். ஏழு மணி என்று போட்டால் ஏழுக்கு எண்ணத் தொடங்கி, படம் 7.02க்குத் தொடங்கும். அந்த இரண்டு நிமிடம் வீணல்ல. சாட் சூடேறுவது அப்போதுதான். அதன் காட்சியும் இசையும் பிறகு படத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்காது.

நினைவூட்டலை அழுத்தியவர்களுக்குச் சுமார் அரை மணி நேரம் முன்னால் ஓர் அறிவிப்பும், தொடங்கும்போது இன்னொன்றும் போகும். ஆகவே ஆறரைக்கு வாசலில் யாராவது நிற்க வேண்டும். அறிவிப்பைப் பார்த்து வந்தவருக்குக் காலியான சாட் தெரிந்தால் அவரும் திரும்பிவிடுவார். நால்வரில் ஒருவர் சேனலின் பெயரிலேயே உள்ளே உட்காருகிறார். சேனல் உரிமையாளர் எழுதுவது மஞ்சள் பின்னணியில் தனித்துத் தெரியும். ‘எல்லோரும் வாங்க’ என்று எழுதுவதில் பயனில்லை. பதில் சொல்ல முடிகிற கேள்வி வேண்டும். ‘எந்த ஊரிலிருந்து பார்க்கிறீர்கள்?’ என்று எழுதி, அதை மேலே பின் செய்துவிடுகிறார். திண்டுக்கல், ஈப்போ, ஸ்கார்பரோ என்று வரிகள் ஏறத் தொடங்குகின்றன.

இரண்டாமவர் மாடரேட்டர். அவர் பெயருக்குப் பக்கத்தில் குறடு போன்ற சிறு சின்னம் இருக்கும். ஒரு வரியை நீக்கலாம், ஒருவரைச் சற்று நேரம் வாயடைக்கலாம், அடியோடு மறைக்கலாம். ஆனால் தமிழ்ச் சாட்டில் கையால் நீக்கிக்கொண்டே இருந்தால் மாளாது. யூடியூபின் தானியங்கி வடிகட்டி இருக்கிறதே என்று நம்பியும் இருக்க முடியாது. நம் ஊர் வசவை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியும் என்பது நமக்குத்தான் தெரியும். அமைப்புகளில் உள்ள தடைசெய்த சொற்கள் பட்டியலில் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் அந்தச் சொற்களை முன்பே போட்டு வைக்க வேண்டும். கூச்சமான வேலைதான், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இணைப்புகளைத் தடுக்கும் வசதியையும் போட்டுவிட்டால் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ ஆட்களின் தொல்லை குறையும். வரிகள் படிக்க முடியாத வேகத்தில் ஓடினால் Slow mode இருக்கிறது; ஒருவர் ஒரு வரி எழுதினால் குறித்த விநாடிகள் கழித்துத்தான் அடுத்ததை எழுத முடியும். இரண்டாயிரம் சந்தாதாரர் உள்ள சேனலுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. முதலிலேயே போட்டுவிட்டால் பேசுகிற நாலு பேரையும் கட்டிப்போட்டது போலாகும்.

படம் ஓடும்போது யாரும் முன்னால் தள்ளிப் பார்க்க முடியாது. நிறுத்தலாம், பின்னால் போகலாம், எட்டாவது நிமிடத்தில் வந்தவர் முதலிலிருந்து தொடங்கலாம். சிக்கல் என்னவென்றால், அவர் இரண்டாம் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாட் பத்தாம் நிமிடத்தில் இருக்கும். ‘அய்யோ, அண்ணனா அவன்!’ என்ற ஒரே வரியில் மர்மம் உடைந்துவிடும். இதைத் தடுக்க வழியில்லை. தாமதமாக வருகிறவர்கள் சாட்டை மூடி வைத்துக்கொள்ளுங்கள் என்று பின் செய்த வரியை மாற்றி எழுதலாம், அவ்வளவுதான். மூன்றாம் நண்பர், அதாவது இயக்குநர், காட்சி வாரியாகச் சொல்ல வேண்டியதை முன்பே குறித்து வைத்திருக்கிறார்: மழைக் காட்சி எங்கே எடுத்தது, பாட்டியாக நடித்தவர் யார். எல்லாம் காட்சி முடிந்த பிறகுதான் போடுகிறார், காட்சிக்கு நடுவில் அல்ல. படம் பார்க்க வந்தவரின் கண்ணை இயக்குநரே திருப்பக் கூடாது.

ஆயிரம் சந்தாதாரர்களைத் தாண்டிய, மீறல் எச்சரிக்கை எதுவும் நிலுவையில் இல்லாத சேனல்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறரை முதல் ஏழு வரை கேமரா முன் உட்கார்ந்து நேரலையில் பேசிவிட்டு, அது முடிந்ததும் பார்த்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே பிரீமியர் பக்கத்துக்கு அனுப்பலாம். இந்த வசதிக்கு Live Redirect என்று பெயர். பேச்சு நன்றாக வருகிற ஆள் இருந்தால் சாட்டைச் சூடேற்ற இதைவிடச் சிறந்த வழி இல்லை. இல்லாவிட்டால் கவுன்ட்டவுனோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

7.24க்குப் படம் முடிகிறது. வீடியோ சாதாரணப் பதிவாகச் சேனலில் தங்கிவிடும்; சாட்டும் ரீப்ளேயாகப் படத்தோடு சேர்ந்தே ஓடும். திங்கட்கிழமை பார்க்கிறவரும் பாட்டி வரும் காட்சியில் ஈப்போக்காரர் எழுதிய வரியைப் பார்ப்பார். ஆனால் ஆர்வக்கோளாறில் ஸ்டுடியோவின் எடிட்டரைத் திறந்து கடைசி நன்றி அட்டையைச் சற்று வெட்டிச் சேமித்தால் அந்தச் சாட் ரீப்ளே கிடைக்காமல் போய்விடும். வெட்டுவதையெல்லாம் வெள்ளிக்கிழமையே வெட்டிவிட வேண்டும்.