சட்டியின் அடியில் ஒட்டிய கரி: எதைக் கொண்டு தேய்ப்பது?

பள்ளியில் பொங்கல் விழா முடிந்த பிற்பகல். திடலில் மூன்று அலுமினியச் சட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ரப்பர் மர விறகில் இரண்டு மணி நேரம் வெந்த சட்டிகள் என்பதால், அடிப்பக்கம் முழுவதும் தடித்த கரி. அவற்றில் ஒன்று மாணவி ஒருத்தியின் பாட்டி இரவல் கொடுத்தது. "டீச்சர், நாளைக்கே திருப்பிக் கொடுக்கணும்" என்றாள் அவள்.

அவசரத்தில் நான் ஒரு தவறு செய்தேன். வீட்டில் அடுப்பைக் கழுவ வைத்திருந்த நுரை மருந்தை எடுத்து வந்து பாட்டியின் சட்டியில் அடித்துவிட்டேன். சிறிது நேரத்தில் நுரைக்கு அடியிலிருந்து குமிழ்கள் கிளம்பின. சட்டியைத் தொட்டால் சூடாக இருந்தது. உடனே நிறைய நீர் ஊற்றிக் கழுவினோம். கரி பாதிதான் போயிருந்தது. அது போன இடத்தில் பளபளப்பான அலுமினியம் இல்லை. மங்கிய சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான திட்டுகள்தாம் தெரிந்தன. நான் கரைத்தது கரியை அல்ல, சட்டியை!

ஏன் இப்படி ஆனது? முதலில் அந்தக் கரி என்ன பொருள் என்று பார்ப்போம்.

விறகு சூடாகும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியேறுகின்றன. நாம் காணும் மஞ்சள் சுடர் அந்த வாயுக்கள் எரிவதுதான். போதிய உயிர்வளி கிடைக்காத இடத்தில் அவை முழுமையாக எரிவதில்லை. மிச்சமாகும் கார்பன் மிக நுண்ணிய துகள்களாக மேலே எழுகிறது. ஒரு துகளின் அளவு, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கைவிடச் சிறியது. சட்டிக்குள் நீர் இருப்பதால் அதன் அடிப்பகுதி ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில்தான் இருக்கும். சுடருக்கு அது குளிர்ந்த சுவர் மாதிரி. துகள்கள் அங்கே படிகின்றன. அவற்றோடு விறகுப் புகையிலுள்ள தாரும் குளிர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே சட்டியின் அடியில் இருப்பது இரண்டு பொருள்கள்: மேலே தூளான கார்பன், அடியில் பிசுபிசுப்பான தார். கார்பனை நீர் நனைக்காது. அமிலமும் அதைக் கரைக்காது. புளியும் எலுமிச்சையும் பித்தளையைப் பளபளக்க வைப்பது உண்மைதான். அங்கே அவை நீக்குவது உலோக ஆக்சைடை. கரியிடம் அவற்றின் வேலை செல்லாது.

தாரையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கக்கூடியது காரம். அடுப்பு கழுவும் மருந்துகள் பலவற்றில் இருப்பது சோடியம் ஐதராக்சைடு எனும் வலுவான காரம். எஃகு அதைத் தாங்கும், அலுமினியம் தாங்காது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் காரம் முதலில் கரைக்கிறது. பிறகு உலோகத்தையே தின்று ஐதரசன் வாயுவை வெளியேற்றுகிறது. நான் பார்த்த குமிழ்கள் அவைதாம்.

மீதி இரண்டு சட்டிகளை அவசரப்படாமல் கழுவினோம். நீங்களும் இப்படிச் செய்யலாம்.

முதலில் நீர் படாமல், வீட்டுக்கு வெளியே, பழைய நாளிதழால் மெதுவாகத் துடையுங்கள். தூளான கரியில் பெரும்பகுதி தாளோடு வந்துவிடும். நீரை முதலில் ஊற்றினால் அதே கரி சேறாகிக் கைகளிலும் கழுவுத் தொட்டியிலும் ஒட்டும். அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பை நீர் கலக்காமல் அடிப்பகுதியில் பூசிப் பத்து நிமிடம் விடுங்கள். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை பிசுக்கைப் பற்றும், மறுமுனை நீரைப் பற்றும். அதனால்தான் நீரால் மட்டும் முடியாதது சோப்பால் முடிகிறது. பிறகு தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

இன்னும் ஒட்டியிருக்கும் தாருக்கு, மூன்று பங்கு ஆப்ப சோடாவை ஒரு பங்கு நீரில் குழைத்துத் தேயுங்கள். அதன் மென்மையான பொடி, உலோகத்தை அதிகம் கீறாமல் தாரைச் சுரண்டும். தேய்த்ததும் கழுவிவிடுங்கள். அலுமினியத்தில் அதை இரவு முழுக்க ஊறவிடவோ, ஆப்ப சோடா நீரில் சட்டியைக் கொதிக்க வைக்கவோ வேண்டாம். சூட்டில் ஆப்ப சோடா, அதைவிட வலுவான காரமான சலவைச் சோடாவாக மாறும். ஆப்ப சோடாவோடு வினிகரைக் கலந்தால் பொங்கும் நுரையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்துவிட, மிஞ்சுவது வலுவிழந்த உப்புநீர்.

எவர்சில்வர் பாத்திரமாக இருந்தால் சலவைச் சோடாவையே பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, அடிப்பகுதி மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். கைக்கு ரப்பர் உறை கட்டாயம்.

இவ்வளவு உழைப்பையும் முன்கூட்டியே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே கேட்டார்: "அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி வெளியில சோப்பு பூசலையா, டீச்சர்?"

மறுவாரம் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு அலுமினியச் சட்டிகள். ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் இரண்டு தேக்கரண்டி சோப்பை மெல்லியதாகப் பூசினேன். இரண்டிலும் இரண்டு லிட்டர் நீர் ஊற்றி, விறகு அடுப்பில் அரை மணி நேரம் வைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி கறுத்தன. கழுவும்போதுதான் வேறுபாடு தெரிந்தது. சோப்பு பூசிய சட்டி இரண்டு நிமிடத்தில் சுத்தமானது. மற்றது கால் மணி நேரம் எடுத்தது. காரணம் எளிது: கரி உலோகத்தின் மேல் படியவில்லை, சோப்பின் மேல் படிந்தது. சோப்பு கரையும்போது கரியும் கூடவே போய்விட்டது. மண்பானைக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதன் நுண்துளைகள் சோப்பை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது உங்கள் வீட்டு எரிவாயு அடுப்புக்கு வாருங்கள். அங்கேயும் சட்டியின் அடி கறுத்திருந்தால், கழுவுவதற்கு முன் காய்ந்த வெள்ளைத் தாளால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். தாளில் ஒன்றும் ஒட்டாமல், சட்டியில் பழுப்பாக, மினுமினுப்பாக இருந்தால் அது வழிந்து தீய்ந்த எண்ணெய். கழுவினால் போதும். தாள் கறுத்தால் அது புகைக்கரி. நன்றாக எரியும் எரிவாயுவின் சுடர் நீலமாக இருக்கும். அது கரியை விடாது. கரி படிகிறது என்றால் வாயு முழுமையாக எரியவில்லை. அந்த நிலையில் மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு எனும் நச்சு வாயுவும் உண்டாகலாம்.

அடுப்பைப் பற்ற வைத்துச் சுடரைக் கவனியுங்கள். உப்புநீர் பொங்கி வழிந்தால் சிறிது நேரம் ஆரஞ்சு நிறம் மின்னும். அது சோடியத்தின் நிறம், கவலை வேண்டாம். சுடர் தொடர்ந்து மஞ்சளாகவே இருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். வாயுவை அடைத்து, அடுப்பு ஆறியதும், சுடர் வரும் மூடியைக் கழற்றிப் பழைய பல் துலக்கியால் துளைகளைச் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்துப் பொருத்த வேண்டும். அதன் பிறகும் மஞ்சள் மாறவில்லையென்றால், சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, அடுப்புப் பழுதுபார்ப்பவரை அழையுங்கள். சட்டியைத் தேய்ப்பது அதற்கு அப்புறம்.