ஒரு கை மட்டும் ஏன் மூடியிருக்கிறது?

குழந்தையை மல்லாக்கப் போட்டுத்தான் தூங்கவைக்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அப்படியானால் குப்புறப் போடவே கூடாதா? விழித்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருந்தால், கட்டாயம் போட வேண்டும். பிறந்த சில நாட்களிலேயே அம்மா சாய்ந்து படுத்துத் தன் நெஞ்சின்மேல் கிடத்திக்கொள்ளலாம். பிறகு தரையில் பாய் விரித்து, ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம். நாள் முழுவதும் சேர்த்து அரை மணி நேரமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். அழுதால், சுருட்டிய துண்டை மார்புக்கு அடியில் கொடுத்து, இரு கைகளையும் அதற்கு முன்னால் எடுத்து விடுங்கள். முகத்துக்கு நேரே நீங்களும் தரையில் படுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு மாதத்தில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கும். ஆறு மாதத்தையொட்டி உள்ளங்கையை ஊன்றி மார்பையே தூக்கும். புரள்வதற்கும் உட்காருவதற்கும் வேண்டிய வலு அங்கேதான் சேர்கிறது.

எது எப்போது என்பதில் வீச்சு பெரியது. இந்தியா உட்பட 5 நாடுகளில் அந்நிறுவனம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. நலமான குழந்தைகள் பிடிமானமில்லாமல் உட்கார்ந்தது சுமார் 4 முதல் 9 மாதத்துக்குள். தனியாக நடந்தது 8 முதல் 17½ மாதத்துக்குள். நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை.

இரண்டு குழந்தைகளை வைத்துப் பார்ப்போம். ஒன்றுக்கு எட்டு மாதம்; உட்காரவைத்தால் சாய்கிறது, வீடே கவலையில் இருக்கிறது. ஆனால் அது இரண்டு மாதம் முன்கூட்டியே பிறந்த குழந்தை. அந்த இரண்டைக் கழித்து ஆறு மாதக் குழந்தையாகத்தான் அதைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்தில் சாய்வது சகஜம். இரண்டு வயது வரை இந்தக் கணக்குதான்.

இன்னொன்றுக்கு ஏழு மாதம். நான்கிலேயே புரண்டுவிட்டது, வீட்டில் ஒரே பெருமை. எதையும் இடது கையாலேயே எடுப்பதைப் பார்த்து, "தாத்தா மாதிரி இடக்கைக்காரன்" என்கிறார் பாட்டி. வலது பக்கம் பொம்மையை நீட்டினாலும் இடது கைதான் குறுக்கே வருகிறது. வலது கை, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியே கிடக்கிறது. புரள்வதும் எப்போதும் ஒரே பக்கமாக. உடனே மருத்துவரிடம் போக வேண்டியது இந்தக் குழந்தைதான். ஒரு வயதுக்கு முன் கைப்பழக்கம் தெரிந்தால், மற்ற கை பலவீனமா என்று பார்த்தாக வேண்டும். மூளையில் ஒரு பக்கம் ஏற்பட்ட பாதிப்பு இப்படித்தான் முதலில் தலைகாட்டும். பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் அந்தக் கையின் பயன்பாடு கூடும்.

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது முடிந்தும் உட்காரவில்லை, பதினெட்டு முடிந்தும் நடக்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். பதினெட்டில் நடக்காத ஆண் குழந்தைக்குத் தசை நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். செய்துகொண்டிருந்ததை மறந்துவிட்டால் எந்த வயதிலும் அன்றே காட்டுங்கள். மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் கட்டணம் கிடையாது. ஆஸ்பத்திரியில் குழந்தை வீறிட்டு அழுதால் எதையும் பார்க்க முடியாது. அதனால் வீட்டுத் தரையில் அது புரள்வதையும் பொம்மை எடுப்பதையும் கைபேசியில் இரண்டு நிமிடம் படம்பிடித்துக்கொண்டு போங்கள்.

(தொடரும்)